‘விரைவுத் தொடக்கம்’ தொடக்கமே அல்ல

தொலைக்காட்சி அமைப்புப் பட்டியலில் ‘விரைவுத் தொடக்கப் பயன்முறை’, அதற்கு எதிராக ‘முழுப் பணிநிறுத்தம்’. கையேடுகளிலும் தமிழ்ப்படுத்திய உதவிக் குறிப்புகளிலும் இந்த இரட்டையர் கைகோத்துத் திரிகிறார்கள். இரண்டு பெயருமே தவறு. முதலாவது பொருளை மறைக்கிறது. இரண்டாவது சிரிப்பு மூட்டுகிறது.

சொல்லின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘குவிக்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘உயிருள்ள’ என்றுதான் பொருள். ‘விரைவான’ என்பது பிறகு வந்தது. ‘ஸ்டார்ட்’ என்றால் துள்ளி எழுதல். ‘ஷட்’ என்பது தாழ்ப்பாள் போடுவது. ‘ஸ்டாண்ட்பை’ கப்பல்காரர்களின் கட்டளையிலிருந்து வந்தது: கயிற்றருகே ஆயத்தமாக நில், ஆணை வந்ததும் இழு. பழைய பொருளில் பார்த்தால் ‘குவிக் ஸ்டார்ட்’ மிகப் பொருத்தமான பெயர். கருவி உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் நம் மொழிபெயர்ப்பாளர் பிடித்துக்கொண்டது ‘விரைவு’ என்ற ஒன்றை மட்டும்.

அந்த விரைவு எங்கிருந்து வருகிறது? ரிமோட்டில் அணைக்கும்போது ஒரு தொலைக்காட்சி இரண்டில் ஒன்றைச் செய்யலாம். ஒன்று, முதன்மை மின்வழங்கியை நிறுத்திவிட்டு ஒரு சிறு மின்வழங்கியை மட்டும் விட்டுவைப்பது. அது ரிமோட்டின் ஒளிக்குறிப்பை வாங்கும் உணரிக்கும், அதைக் கவனிக்கும் ஒரு சின்னச் சில்லுக்கும் மட்டும் மின்சாரம் தரும். இதற்கு அரை வாட் போதும். மறுபடி இயக்கினால் மென்பொருள் முழுவதையும் சேமிப்பிலிருந்து நினைவகத்துக்கு ஏற்ற வேண்டும், அதனால் நேரமாகும். இரண்டாவது வழியில் திரையும் ஒலியும் மட்டும் அணைகின்றன. நினைவகத்தில் இருந்தது அப்படியே இருக்கும், வைஃபை இணைப்பும் பெரும்பாலும் அறுவதில்லை. நினைவகத்தைப் புதுப்பித்துக்கொண்டிருக்க ஆகும் மின்சாரம் சொற்பம்தான். செலவு வைப்பது அதைச் சுற்றி விழித்திருக்கும் செயலியும், பிணையப் பகுதியும், சுமையே இல்லாமல் ஓடும் பெரிய மின்வழங்கியும். பெரிய மின்வழங்கிகள் குறைந்த சுமையில் திறன் குறைந்தவை; பேருந்தில் ஒரே ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு போவது போல.

ஆகவே இந்தத் தெரிவு கருவியை எப்படித் தொடங்குவது என்பதைப் பற்றியதே அல்ல. எப்படி அணைப்பது என்பதைப் பற்றியது. பயனர் முடிவெடுப்பது அணைக்கும் நிலையை. மின்சாரம் செலவாவது அணைத்திருக்கும் நேரத்தில். தொடக்கம் அதன் விளைவு. ‘விரைவுத் தொடக்கம்’ என்ற பெயர் விளைவில் இனிக்கும் பாதியைச் சொல்லி, காசு கரையும் பாதியை மறைக்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பெயரை வைத்தது விற்பனைப் பிரிவு. அதைத் தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவருக்கு அந்த உள்நோக்கம் கூடக் கிடையாது.

“மூலத்தில் அப்படித்தானே இருக்கிறது, மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்?” என்பது வழக்கமாக வரும் பதில். மூலமே திருந்திவிட்ட கதை ஒன்று இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பொறியில் இந்த ஏற்பாட்டுக்கு முதலில் வைத்த பெயர் Instant-on. அதாவது ‘உடனே இயங்கு’. பின்னாளில் மைக்ரோசாப்ட் அதை Sleep என்று மாற்றியது. Energy-saving என்றிருந்த மற்றதை Shutdown (energy saving) ஆக்கியது. விளைவின் பெயரைக் கைவிட்டு நிலையின் பெயரை வைத்தார்கள். பட்டியலைப் படித்தாலே எது தூங்குகிறது, எது அணைகிறது என்று தெரிகிறது. தமிழில் மட்டும் ‘உடனடித் தொடக்கம்’ இன்னும் உலவிக்கொண்டிருக்கிறது.

அதே பொறியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தூக்க நிலையில் அது எடுப்பது ஏறத்தாழ 10 முதல் 15 வாட். முழுதாக அணைத்தால் அரை வாட். அணைத்தால் 20 மடங்கு வரை குறையும் என்று 2023 ஜனவரியில் அந்நிறுவனமே சொன்னது. நடுவாக 13 வாட் என்று வைத்தால் வேறுபாடு 12.5 வாட். நாளுக்கு 4 மணி நேரம் விளையாடி 20 மணி நேரம் அணைத்து வைக்கும் வீட்டில் அது 250 வாட்-மணி, அதாவது கால் யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்க்கும் தமிழ்நாட்டுக் கணக்கில் 15 யூனிட், ஆண்டுக்கு 91 யூனிட். சரி, மிச்சமாகும் நேரம் எவ்வளவு? சீரீஸ் எக்ஸ் போன்ற எஸ்எஸ்டி உள்ள பொறி முழு அணைப்பிலிருந்து எழ 20 விநாடிக்குள் ஆகும், தூக்கத்திலிருந்து எழச் சில விநாடி. ஒருமுறைக்கு 15 விநாடி மிச்சம், நாளுக்கு ஒருமுறை இயக்குகிறோம் என்று கொண்டால் ஆண்டுக்கு 5,475 விநாடி. அதுவும் 91 நிமிடம்தான்! நிமிடத்துக்கு ஒரு யூனிட் என்று பண்டமாற்று. எஸ்எஸ்டி இல்லாத பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் எழ முக்கால் நிமிடம் எடுத்த காலத்தில் இந்தப் பேரம் ஓரளவு நியாயமாக இருந்தது. வன்தட்டு போன பிறகு ‘விரைவு’ என்ற சொல்லில் இருந்த சரக்கும் பெரும்பாலும் போய்விட்டது.

தூக்க நிலைக்கு நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. வெளியிலிருந்து கைப்பேசியால் பொறியை எழுப்ப வேண்டுமென்றால் அது தூங்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். முழுதாக அணைந்ததை எழுப்ப முடியாது. ஆனால் விட்ட இடத்திலிருந்து விளையாட்டைத் தொடரும் வசதிக்கும் தூக்க நிலை வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சீரீஸ் பொறிகளில் அது எஸ்எஸ்டியில் பதிவாவதால் முழு அணைப்புக்குப் பிறகும் இருக்கும்.

இனி ‘பணிநிறுத்தம்’. தொழிற்சாலைக் கதவடைப்பையும் கணினியை அணைப்பதையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் சொல்கிறது என்பதற்காக நாமும் அப்படியே சொல்வதா? தமிழில் பணியை நிறுத்துபவர் தொழிலாளி. கொடி பிடிப்பார், முழக்கமிடுவார். ‘கணினி பணிநிறுத்தம் செய்கிறது’ என்று படிக்கும்போது அதன் கோரிக்கை என்ன என்று கேட்கத்தான் தோன்றுகிறது. விளக்கை அணைக்கிறோம், அடுப்பை அணைக்கிறோம்; யாழ்ப்பாணத்தில் விளக்கை நூர்ப்பார்கள். சமையலறையிலேயே சொல் கிடக்க, அதை விட்டுத் தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போனது ஏன் என்று விளங்கவில்லை. ‘பயன்முறை’யும் இதே வகைதான். ‘மோட்’ என்று வந்தாலே பயன்முறை என்று ஒட்டிவிடுகிறார்கள். முறை என்பது ஒன்றைச் செய்யும் விதம். அணைந்து கிடக்கும் கருவி எதையும் செய்யவில்லை, அது ஒரு நிலையில் இருக்கிறது. எனவே ‘நிலை’.

‘காத்திருப்பு சக்தி’ இன்னொரு குழப்பம். வாட் என்பது மின்திறன், யூனிட் என்பது ஆற்றல். ஒன்று குழாயில் நீர் வரும் வேகம், மற்றது குடத்தில் சேர்ந்த அளவு. இரண்டுக்கும் ‘சக்தி’ என்று போட்டுவிட்டு, ‘மணிக்கு 0.5 வாட் சக்தி’ என்று எழுதினால் மேலே போட்ட கணக்கை எவரும் போட முடியாது. காத்திருப்பு மின்திறன் அரை வாட் என்பதே சரி. அதில் ‘மணிக்கு’ இல்லை.

‘விரைவுத் தொடக்கம்’ செய்யும் பெரிய கேடு இனிமேல்தான் வருகிறது. விண்டோஸ் 8 முதல் உள்ள Fast Startup என்பதற்கும் இதே பெயரைத்தான் வைக்கிறார்கள். அங்கே நடப்பது முற்றிலும் வேறு. ‘Shut down’ அழுத்தியதும் பயனர் திறந்து வைத்த நிரல்கள் மூடப்படுகின்றன. இயக்கமுறைமையின் கருவும் இயக்கிகளும் மட்டும் hiberfil.sys என்ற கோப்பில் வட்டில் எழுதப்படுகின்றன. பிறகு மின்சாரம் நின்றுவிடுகிறது. அடுத்த முறை அந்தக் கோப்பைப் படித்து எழுகிறது. நினைவகத்தை உயிரோடு வைத்திருக்கத் தேவையில்லாததால், இதற்காகத் தனியாகக் காத்திருப்பு மின்செலவு கிடையாது. தொலைக்காட்சியில் செலவு மின்சாரத்தில். கணினியில் செலவு வேறிடத்தில். பழுதான இயக்கி அணைத்து இயக்கினாலும் பழுதாகவே எழும், ஏனென்றால் கரு புதிதாக ஏற்றப்படவில்லை. அதே கணினியில் லினக்ஸும் இருந்தால் விண்டோஸ் இருக்கும் வட்டுப் பகுதியை அது முழுமையாக இணைக்க மறுக்கும், அல்லது படிக்க மட்டும் விடும். ஒரே பெயர் வைத்ததால் ஒருவர் மின்சாரம் மிச்சமாகும் என்று கணினியில் இதை நிறுத்துகிறார். மற்றவர் ‘கணினியில் தொல்லையில்லையே’ என்று தொலைக்காட்சியில் விட்டுவைக்கிறார். இருவருமே ஏமாறுகிறார்கள்.

கணினி உண்மையில் அணைந்ததா என்று பார்க்க Task Manager-இல் Performance பக்கத்தில் CPU-வின் கீழ் உள்ள Up time-ஐப் பாருங்கள். நேற்றிரவு அணைத்த கணினி ‘9 நாள்’ காட்டினால் அது முழுதாக அணையவில்லை. ‘Restart’ எப்போதும் கருவைப் புதிதாக ஏற்றும். ‘அணைத்துப் போட்டேன், சரியாகவில்லை, ரீஸ்டார்ட் செய்தேன், சரியாகிவிட்டது’ என்ற புதிருக்கு விடை இதுதான். ஒருமுறை மட்டும் முழுதாக அணைக்க, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ‘Shut down’ தரலாம், அல்லது

```
shutdown /s /t 0
```

தொலைக்காட்சியில் சரிபார்க்க, சுவர்ச் செருகிக்கும் கருவிக்கும் இடையே மாட்டும் வாட் அளவியே போதும். அணைத்த உடனே படித்துவிடாதீர்கள். சில கருவிகள் பல நிமிடம் கழித்துத்தான் அடங்கும். அரை மணி கழித்தும் எண் அரை வாட்டுக்கு இறங்காமல் பத்தை ஒட்டி நின்றால், இந்த ஏற்பாடோ பிணைய எழுப்பலோ இயங்கிக்கொண்டிருக்கிறது. எல்ஜி கருவிகளில் Quick Start+ என்ற பெயரில் இருக்கும், அங்கே நிறுத்தலாம். சுவர் ஸ்விட்சையே அணைப்பது மூன்றாவது நிலை. அதில்தான் செலவு உண்மையில் பூச்சியம். ஆனால் ஓஎல்இடி திரை உள்ளவர்கள் ஒவ்வொரு முறையும் அப்படிச் செய்யக்கூடாது. சில மணி நேரம் பார்த்த பிறகு, அணைந்திருக்கும்போது திரை தன்னைச் சமன்செய்துகொள்ளும். அதற்கு மின்சாரம் வேண்டும்.

மூன்று நிலை, நான்கு சொல் வேண்டும். சுவரில் நிறுத்துவது மின்துண்டிப்பு. ரிமோட்டுக்காக மட்டும் காது கொடுத்துக் கிடப்பது முழு அணைப்பு. நினைவு போகாமல் கிடப்பதற்குப் புதிதாகச் சொல் ஆக்கவே வேண்டாம். பாம்பணையில் பள்ளிகொண்ட திருமாலின் துயிலை அறிதுயில் என்றார்கள்: கண் மூடியிருக்கும், அறிவு மூடவில்லை. மனவசியத்துக்கும் சிலர் இதை ஆள்கிறார்கள். தொலைக்காட்சிப் பட்டியலில் அந்தக் குழப்பம் வராது. பக்திச் சொல் கருவிக்கு எதற்கு என்பவர்கள் கோழித்தூக்கம் என்று வைத்துக்கொள்ளட்டும். அதுவும் குறையில்லாத தமிழ்தான், என்ன, நிறுவனத்தார் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விண்டோஸ் செய்வதோ துயில் அல்ல; கருவைப் பதிந்துவிட்டு அணைவது. அதற்குப் பதிவணைப்பு.

அமைப்புப் பட்டியலில் இப்படி எழுதினால் போதும்: ‘அணைக்கும் நிலை: அறிதுயில் / முழு அணைப்பு’. தலைப்பிலேயே ‘அணைக்கும்’ என்று இருப்பதைக் கவனியுங்கள். விரைவு பற்றிச் சொல்ல ஆசை இருந்தால் அதற்கு அடியில் சிறிய எழுத்தில், பக்கத்திலேயே எத்தனை வாட் என்பதையும் சேர்த்து.