டாலர் பில் போடுபவருக்கு ஃபியூச்சர்ஸ்: விலைக் காப்பும் அலைச்சலும்

திசையன்விளைப் பக்கத்தில் நிலவாகை இலை வாங்கி, காயவைத்து, தரம் பிரித்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு ஏற்றுமதியாளர் ஒருவருடைய கணக்கை நான் சில ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். திருநெல்வேலிச் சென்னா என்று உலகச் சந்தையில் பெயர் பெற்ற சரக்கு அது. விவசாயிக்கு இலைப் பணத்தை ரூபாயில் கையோடு கொடுத்துவிட்டு, வாங்குபவர் தரும் டாலருக்கு அவர் இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் டாலர் விலை இறங்கினால் லாபம் கரையும். அதைத் தடுக்கப் போன இடத்தில் அவர் இரட்டை நஷ்டம் கண்டார். அது ஏன் நேர்ந்தது என்பதை, இதே வழியில் இறங்க நினைக்கும் மற்றவர்கள் முன்கூட்டியே அறிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

ஃபியூச்சர்ஸ் என்பது ஒரு குறிப்பிட்ட மாதக் கடைசியில் இருக்கப்போகும் விலையை இன்றே பேசி முடித்துக்கொள்ளும் ஒப்பந்தம். நம் நாட்டுப் பங்குச் சந்தைகளில் டாலர் ஒப்பந்தங்கள் 2008 ஆகஸ்டிலிருந்து நடக்கின்றன. ஒரு லாட் என்பது 1,000 டாலர். டாலர் கைமாறாது, விலை வித்தியாசம் மட்டும் ரூபாயில் வரும் அல்லது போகும். பின்னணி இவ்வளவு போதும்.

முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நிலவாகைக்கோ, களக்காட்டு வாழைக்கோ ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தம் கிடையாது. தாமிரபரணிப் பாசனத்து நெல்லுக்கும் கிடையாது. பாஸ்மதி அல்லாத நெல்லின் ஃபியூச்சர்ஸ் வர்த்தகத்தை, சந்தைகளைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2021 டிசம்பரில் நிறுத்திவைத்து, பிறகு அந்தத் தடையைத் திரும்பத் திரும்ப நீட்டித்தது. ஆகவே சரக்கின் விலை இறங்கும் ஆபத்து உங்கள் தலையில்தான் இருக்கும். ஏற்றுமதியாளரால் காப்பாற்ற முடிந்தது அவருடைய பில்லில் உள்ள டாலரை மட்டுமே. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் கணக்குத் திறக்க வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கணக்குத் திறக்கும்போதே முதல் பொறி காத்திருக்கிறது. 2024 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, அந்த ஆண்டு மே 3 முதல் நடைமுறைக்கு வந்தது. ரூபாய் சம்பந்தப்பட்ட ஒப்பந்தத்தைச் சந்தையில் எடுப்பவருக்கு, ஏற்கெனவே ஒப்பந்தமாகிவிட்ட அந்நியச் செலாவணி வரவோ கடனோ இருக்க வேண்டும் என்பதை அது உறுதிப்படுத்தியது. 10 கோடி டாலர் வரை அதற்கான ஆவணத்தை முன்கூட்டிக் காட்டத் தேவையில்லை என்பதும் அதில் உண்டு. இந்த இரண்டாவது வாசகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, "ஆர்டரே வேண்டாம், ஒரு கையெழுத்துப் போதும்" என்று சொல்லும் தரகர் அலுவலகங்கள் இருக்கின்றன. காட்ட வேண்டியதில்லை என்பது வேறு, இருக்க வேண்டியதில்லை என்பது வேறு. கேட்டால் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு, உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டவருடையது, தரகருடையது அல்ல. ஆகையால் வாங்குபவர் ஒப்புக்கொண்ட ஆர்டரையோ பில்லையோ, எந்தத் தேதியில் எத்தனை லாட் விற்றீர்கள் என்ற குறிப்போடு ஒரே கோப்பில் வையுங்கள். அடுத்த ஆண்டு வரலாம் என்று நினைக்கும் ஆர்டர் இந்தக் கணக்கில் சேராது. அதே பில்லுக்கு வங்கியில் முன்கூட்டிய விலை ஒப்பந்தம் எடுத்திருந்தால், இங்கே மறுபடி எடுக்கக் கூடாது.

இரண்டாவது பொறி பெயரில் இருக்கிறது. தனி ஆள் நடத்தும் நிறுவனத்துக்கும் அதன் உரிமையாளருக்கும் பான் எண் ஒன்றுதான், சிக்கல் இல்லை. ஆனால் கூட்டு நிறுவனமாக இருந்தால் பில் நிறுவனத்தின் பெயரில் இருக்கும், வர்த்தகக் கணக்கோ சீக்கிரம் முடியும் என்று ஒரு பங்குதாரரின் சொந்தப் பெயரில் திறக்கப்பட்டிருக்கும். டாலர் வரவு ஒருவருக்கு, ஒப்பந்தம் இன்னொருவருக்கு என்றால் அது காப்பாகாது. விளக்கம் கேட்டால் பதிலும் இருக்காது. நிறுவனத்தின் பெயரில் திறக்கக் கூட்டு ஒப்பந்தப் பத்திரம், பங்குதாரர்களின் அதிகாரக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் என்று தனித்தனி நாளில் தனித்தனித் தாள் கேட்டு நடக்க விடுவார்கள். கேட்பது எல்லாவற்றையும் முதல் நாளே எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

மூன்றாவது பொறி பேச்சில் வருகிறது. டாலர் வரவேண்டியிருக்கும் ஏற்றுமதியாளர் ஃபியூச்சர்ஸில் விற்க வேண்டும்; வாங்கக் கூடாது. என்னுடைய ஏற்றுமதியாளரிடம் கிளை அலுவலகத்து இளைஞர், "அண்ணாச்சி, டாலர் ஏறத்தான் போகுது, வாங்கிப் போடுங்க" என்று சொன்னார். அப்படி வாங்கியிருந்தால், டாலர் இறங்கும்போது பில்லிலும் நஷ்டம், ஒப்பந்தத்திலும் நஷ்டம். அது காப்பே இல்லை, அதே ஆபத்தை இரண்டு மடங்காக்குவது. நல்ல வேளையாக அவர் விற்றார்.

இனி அவருடைய கணக்கைப் பார்ப்போம். புரிவதற்காக எண்களை முழு எண்களாக்கித் தருகிறேன். பில் 40,000 டாலர், பணம் நவம்பர் மூன்றாம் வாரத்தில் வர வேண்டும். செப்டம்பரில் நவம்பர் மாத ஒப்பந்தத்தில் 40 லாட்டை, டாலருக்கு 86 ரூபாய் விலையில் விற்றார். அந்த விலையில் பில்லின் மதிப்பு 34,40,000 ரூபாய். தரகர் முன்பணமாகச் சுமார் ஒரு லட்சம் பிடித்துவைத்தார். டாலர் 84.50க்கு இறங்கினால் பில்லில் 60,000 ரூபாய் குறையும், ஒப்பந்தத்தில் 60,000 ரூபாய் வரும். 87.50க்கு ஏறினால் பில்லில் 60,000 ரூபாய் கூடும், ஒப்பந்தத்தில் அதே தொகை போகும். இரண்டிலும் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய 34,40,000. காப்பு என்பது இதுதான். கூடுதல் லாபம் எதிர்பார்த்து இதில் இறங்கக் கூடாது.

தாளில் சரியாக வரும் இந்தக் கணக்கு, பணம் கைமாறும் நாட்களில் உடைகிறது. ஒப்பந்தத்தின் லாப நஷ்டம் ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கிடப்பட்டு மறுநாளே பணமாகக் கழியும். பில்லில் கூடும் பணமோ வாங்குபவர் அனுப்பும் அன்றுதான் வரும். அக்டோபரில் டாலர் ஏறியது. தினமும் பணம் கேட்டுக் குறுஞ்செய்தி வந்தது. அவருடைய ரொக்கம் முழுவதும் களத்தில் இலையாகக் கிடந்தது. வங்கியில் வாங்கிய ஏற்றுமதிக் கடன், சரக்கு வாங்கவும் கட்டவும் தரப்பட்டது. அதை இந்த முன்பணத்துக்குத் திருப்பினால் வங்கியில் வேறு வம்பு வரும். இரண்டு நாள் பணம் கட்ட முடியாமல் போகவே, தரகர் 87.10 விலையில் நாற்பது லாட்டையும் தாமே வாங்கிக் கணக்கை முடித்துவிட்டார். டாலருக்கு 1.10 வீதம் 44,000 ரூபாய் போயிற்று. பிறகு டாலர் இறங்கி, பில்லுக்குப் பணம் வந்த நாளில் 85.20 கிடைத்தது, அதில் 32,000 குறைந்தது. மொத்தம் 76,000 ரூபாய். ஒப்பந்தமே எடுக்காமல் இருந்திருந்தால் 32,000 ரூபாயோடு போயிருக்கும்.

தரகர் விதியை மீறவில்லை. ஆனால் நாள்தோறும் பணம் கேட்கப்படும் என்பதைக் கணக்குத் திறந்த நாளில் யாரும் அவருக்கு வாயால் சொல்லவில்லை. கையெழுத்து வாங்கிய தாள்கட்டுக்குள் எங்கோ ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. எனவே விற்பதற்கு முன்பு, முன்பணத்துக்கு மேலாக டாலருக்கு இரண்டு ரூபாய் வீதம், அதாவது இந்த அளவுக்கு 80,000 ரூபாய், தொடாத சேமிப்பாக வைத்திருக்க முடியுமா என்று பாருங்கள். டாலர் அதற்கும் மேல் ஏறலாம் என்பதால் அது முழுப் பாதுகாப்பு அல்ல. என்றாலும் ஓரிரு வாரம் மூச்சுவிட நேரம் தரும். முடியாவிட்டால் 40 லாட்டுக்குப் பதில் 20 லாட் மட்டும் விற்பது நல்லது. பாதி பில்லுக்குக் கிடைக்கும் காப்பு, நடுவில் பறிபோகும் முழுக் காப்பைவிட மேல். அதுவும் இயலாதவர், வங்கியின் முன்கூட்டிய விலை ஒப்பந்தத்தைக் கேட்டுப் பார்க்கலாம். அதில் பொதுவாகத் தினசரிப் பணம் கட்டும் தொல்லை இல்லை. ஆனால் உங்கள் கடன் வரம்பில் ஒரு பகுதியை அது பிடித்துக்கொள்ளும், ரத்து செய்தால் செலவும் உண்டு.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு ஒப்பந்தமும் அந்த மாதத்தின் கடைசி வேலை நாளில், வெளியிடப்படும் குறிப்பு விலையில் தீர்க்கப்படும். அதற்கு இரண்டு வேலை நாளுக்கு முன்பு பகல் 12.30 மணியோடு வர்த்தகம் நின்றுவிடும். பணம் வரும் மாதத்தின் ஒப்பந்தத்தை எடுத்து, டாலர் வங்கிக்கு வந்து ரூபாயாக மாறும் அன்றே அதே எண்ணிக்கையைத் திரும்ப வாங்கி முடித்துவிடுங்கள். வாங்குபவர் தாமதித்தால் அந்த மாத ஒப்பந்தத்தை முடித்து அடுத்த மாதத்தில் விற்க வேண்டும். 2024க்குப் பிறகு இந்தச் சந்தையில் வர்த்தகம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. தூர மாதங்களில் எதிர்ப்பக்கம் ஆளே இருக்காது. திரையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி எவ்வளவு என்று கேட்டு, உங்கள் விலையைக் குறிப்பிட்டு மட்டுமே ஆர்டர் போடச் சொல்லுங்கள்.

இவ்வளவு செய்தும், டாலரை ரூபாயாக மாற்றும்போது வங்கி தன் பங்காகச் சந்தை விலையிலிருந்து சில பைசாவை எடுத்துக்கொள்ளும். ஃபியூச்சர்ஸ் அதைக் காக்காது. 40,000 டாலருக்கு 30 பைசா என்றால் 12,000 ரூபாய். கிளையில் கேட்டால் தலைமையகம் தீர்மானிக்கிறது என்பார்கள், தலைமையகத்தில் கேட்டால் கிளையைக் கேளுங்கள் என்பார்கள். கிளியரிங் கார்ப்பரேஷன் 2019 ஆகஸ்டில் தொடங்கிய எஃப்எக்ஸ் ரீடெய்ல் தளத்தில் சிறு வாடிக்கையாளரும் பதிவு செய்துகொண்டு, சந்தை விலையைத் தாமே பார்த்து மாற்றலாம். வங்கி தன் கட்டணத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். பதிவுக்கு உங்கள் வங்கியின் ஒப்புதல் தேவை என்பதால், பணம் வரும் வாரத்தில் போய் நிற்காமல் முன்னதாகவே எழுத்தில் கேளுங்கள்.

தரகர் சொல்லாமல் ஏதேனும் வாங்கியோ விற்றோ இருந்தால், 24 மணி நேரத்துக்குள் வர வேண்டிய ஒப்பந்தச் சீட்டில் அது தெரியும். தொலைபேசியில் சண்டை போடாமல் மின்னஞ்சலில் புகாரை எழுதுங்கள். பதில் சரியில்லையென்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியுங்கள். அங்கே பதிந்தால் 21 நாளுக்குள் தரகர் பதில் தந்தாக வேண்டும்.

வாங்குபவர் ஆர்டரை ரத்து செய்துவிட்டால், டாலர் விலை உங்களுக்குச் சாதகமாக இருந்தாலும் அன்றே ஒப்பந்தத்தை முடித்துவிட்டு, ரத்துக் கடிதத்தையும் அதே கோப்பில் சேருங்கள்.