எழுத்துப் பெயரில் வரும் எஸ்.எம்.எஸ். எந்த நாட்டிலிருந்து வந்தது?

2021 டிசம்பரில் சிங்கப்பூரில் ஓ.சி.பி.சி. வங்கியின் வாடிக்கையாளர்கள் பலருக்குக் குறுஞ்செய்தி ஒன்று வந்தது. கணக்கில் சிக்கல், இந்த இணைப்பில் போய்ச் சரிசெய்யுங்கள் என்கிற வகைச் செய்தி. அனுப்பியவர் இடத்தில் `OCBC` என்றே இருந்தது. வங்கி அதற்கு முன் அனுப்பிய உண்மையான செய்திகளுக்கு நேர் அடியில், அதே உரையாடலுக்குள் அது போய் உட்கார்ந்திருந்தது. நம்பி இணைப்பைத் தொட்டு விவரங்களைக் கொடுத்தவர்கள் ஏறக்குறைய 790 பேர். பறிபோனது சுமார் 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் டாலர்.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் மக்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் முன்னால் +44, +92 என்று ஏதாவது காட்டியிருக்குமே?" காட்டாது. எழுத்துப் பெயரிலோ ஐந்தாறு இலக்கக் குறுகிய எண்ணிலோ வரும் செய்தியில் நாட்டைக் காட்டும் தகவலே கிடையாது. போன் அதை மறைக்கவில்லை. அதன் கைக்கு வந்தால்தானே காட்டும்?

எஸ்.எம்.எஸ். போனுக்கு வரும்போது அனுப்பியவர் முகவரிக்கென்று ஒரு சிறிய கட்டம் அதனுடன் வருகிறது. அதன் அளவு அதிகபட்சம் 12 பைட். முதல் பைட் நீளம், இரண்டாவது பைட் வகை, மீதி 10 பைட்டில் முகவரி. மூன்று விதமான முகவரிகள் அதில் எப்படி எழுதப்படுகின்றன என்று பாருங்கள். முதலில் இருப்பது பிரிட்டனில் நாடகங்களுக்கென ஒதுக்கி வைத்திருக்கும் போலி எண்.

```
0C 91 44 77 00 09 10 32    +447700900123
05 81 35 00 F0             53000
07 D0 CF A1 70 08          OCBC
```

முதல் வரியில் இரண்டாவதாக உள்ள `91` இந்தியாவின் எண் அல்ல. "பின்னால் வருவது நாட்டுக் குறியீட்டுடன் கூடிய சர்வதேச எண்" என்பதற்கான அடையாளம் அது. அதனால்தான் போன் முன்னால் + போட்டு, 44 என்பதைப் பார்த்து பிரிட்டன் என்று சொல்ல முடிகிறது. (இலக்கங்கள் இரண்டிரண்டாக இடம் மாற்றி எழுதப்படும். 23 என்பது 32 ஆகத் தெரிவது அதனால்தான்.)

இரண்டாவது வரியில் `81`. இதன் பொருள் "இது என்ன வகை எண் என்று சொல்லப்படவில்லை" என்பதே. பின்னால் இருப்பது வெறும் 53000. மூன்றாவது வரியில் `D0`, அதாவது "இது எண்ணே அல்ல, எழுத்து". அதற்குப் பின் உள்ள நான்கு பைட்டில் O, C, B, C என்ற நான்கு எழுத்துகள் எழுத்துக்கு ஏழு பிட் வீதம் நெருக்கி அடுக்கப்பட்டுள்ளன. 10 பைட் என்பது 80 பிட். அதை ஏழால் வகுத்தால் 11 எழுத்துதான் தேறும். அனுப்புநர் பெயர் எங்குமே 11 எழுத்தைத் தாண்டாதது இதனால்தான். எழுத்துகள் கட்டத்தை நிரப்பியபின் நாட்டைச் சொல்ல வேறு இடம் எதுவும் ஒதுக்கப்படவில்லை.

அந்தப் பெயரை யார் எழுதுகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. வங்கியோ கடையோ ஆயிரக்கணக்கான செய்திகளை அனுப்பும்போது சிம் கார்டு எதுவும் அதில் இல்லை. அவர்களுடைய கணினி, அக்ரிகேட்டர் எனப்படும் மொத்தச் செய்தி நிறுவனத்தின் சர்வருடன் இணையம் வழியாகப் பேசுகிறது. அதற்கான எஸ்.எம்.பி.பி. என்ற நெறிமுறையில் அனுப்புபவரே நிரப்ப வேண்டிய மூன்று இடங்கள் இவை:

```
source_addr_ton = 5
source_addr_npi = 0
source_addr     = OCBC
```

5 என்றால் எழுத்துப் பெயர். பெயர் அவருடையதுதானா என்று நெறிமுறை கேட்பதில்லை. கேட்பதும் தடுப்பதும் வழியில் உள்ள நிறுவனங்களின் வேலை. அக்ரிகேட்டர் அதை இன்னொரு அக்ரிகேட்டருக்கு விற்பார், அவர் மூன்றாமவருக்குத் தருவார், கடைசியில் உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையத்துக்கு அது வந்து சேரும். இந்தச் சங்கிலியில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டால் போதும், எந்த நாட்டில் உட்கார்ந்தும் எந்தப் பெயரையும் போட்டுவிடலாம்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், செய்தியுடன் வரும் குறுஞ்செய்தி மைய எண்ணையும் நேரக்குறிப்பையும் பார்த்து நாட்டைக் கண்டுபிடிக்கலாமே என்பார்கள். சில போன்களில் செய்தி விவரத்தில் மைய எண் தெரியும். நேரக்குறிப்பிலும் நேர மண்டலம் பதிவாகியிருக்கும். ஆனால் இரண்டும் அந்த மையத்தைப் பற்றியவை, அனுப்பியவரைப் பற்றியவை அல்ல. அக்ரிகேட்டர் உங்கள் நிறுவனத்தின் மையத்துடனேயே நேராக இணைந்திருந்தால், உங்கள் நாட்டு எண்ணும் உங்கள் நாட்டு நேரமும்தான் அதில் இருக்கும். வெளிநாட்டு மோசடிச் செய்திக்கு உள்நாட்டு முத்திரை குத்தியது போல் ஆகிவிடும். இதை வைத்து முடிவெடுப்பது ஒன்றும் தெரியாமல் இருப்பதைவிட ஆபத்து.

ஷார்ட் கோடு எனப்படும் குறுகிய எண்ணுக்கு வருவோம். அது ஒரு நாட்டுக்குள், சில சமயம் ஒரே நிறுவனத்தின் வலைக்குள் மட்டும் பொருள் உள்ள எண். ட்விட்டருக்கு அமெரிக்காவில் 40404, இந்தியாவில் 53000 என்று தனித்தனி எண்கள் இருந்தன. அதே 53000 வேறொரு நாட்டில் வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்டிருக்கலாம். நாட்டுக் குறியீடு இல்லாததால் எண்ணைப் பார்த்து எந்த நாட்டு 53000 என்று பிரிக்க வழியில்லை. ரோமிங்கில் இருப்பவருக்கு இந்தக் குழப்பம் இன்னும் கூடும். சென்னை சிம்முடன் கோலாலம்பூரில் இறங்கியவருக்கு ஐந்து இலக்க எண்ணிலிருந்து செய்தி வந்தால், இந்தியாவிலிருந்து வந்ததா மலேசியாவிலிருந்து வந்ததா என்று அந்த எண் சொல்லாது.

ஓ.சி.பி.சி. சம்பவத்தில் பலரை ஏமாற வைத்தது செய்தி போய் உட்கார்ந்த இடம். போன் செய்திகளை உரையாடல்களாகப் பிரிக்க அனுப்பியவர் கட்டத்தில் உள்ள எழுத்துகளைத்தான் ஒப்பிடுகிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் ஒரே உரையாடல், அவ்வளவுதான். வங்கியின் உண்மையான ஓ.டி.பி. மூன்று வருடமாக வந்துகொண்டிருந்த இடத்தில் போலிச் செய்தியும் விழும். "பழைய செய்திகளும் இதில்தானே இருக்கின்றன" என்பது இயல்பான எண்ணம்தான், ஆனால் அது எதையும் நிரூபிக்காது.

சிங்கப்பூர் இதற்குப் பதிவேடு ஒன்றைக் கட்டாயமாக்கியது. 2023 ஜனவரி 31 முதல் எழுத்துப் பெயரில் அங்கே செய்தி அனுப்ப வேண்டுமானால், உள்ளூர் நிறுவனப் பதிவு எண்ணைக் காட்டி அந்தப் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதியாத பெயர் `Likely-SCAM` என்று மாற்றப்பட்டுவிடும். நல்ல ஏற்பாடு. ஆனாலும் இரண்டு விஷயங்களை மனதில் வைக்க வேண்டும். பதிவான பெயர், அதற்கு உரிமையாளர் ஒருவர் இருக்கிறார் என்பதைத்தான் சொல்கிறது. செய்தி எந்த நாட்டு சர்வரிலிருந்து கிளம்பியது என்பது இப்போதும் தெரியாது. அதேபோல் `Likely-SCAM` என்று வந்தாலே மோசடி என்றும் ஆகாது. பதிவு செய்யாத வெளிநாட்டு நிறுவனத்தின் உண்மையான செய்தியும் அந்தப் பெயரில் வரலாம். எல்லாம் ஒரே பெயர் என்பதால் போலியும் அசலும் ஒரே உரையாடலில் கலந்து கிடக்கும். எனவே அதற்குள் இருக்கும் எந்த இணைப்பையும் தொடாமல் இருப்பதே சரி.

இந்தியாவில் வேறு வழி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி நிறுவனங்கள் தங்கள் பெயரையும், இங்கே அதை ஹெட்டர் என்பார்கள், செய்தியின் வார்ப்பையும் முன்கூட்டியே பதிய வேண்டும். `AD-ABCDEF-S` என்று ஒரு ஹெட்டர் வந்தால், முதல் எழுத்து தொலைபேசி நிறுவனம் (A ஏர்டெல், J ஜியோ, V வி.ஐ., B பி.எஸ்.என்.எல்.), இரண்டாவது எழுத்து வட்டம் (D டெல்லி, T தமிழ்நாடு). 2025இல் சேர்க்கப்பட்ட கடைசி எழுத்து செய்தியின் வகை: P விளம்பரம், S சேவை, T பரிவர்த்தனை, G அரசு. பலர் அந்த வட்ட எழுத்தை அனுப்பியவரின் ஊர் என்று படிக்கிறார்கள். அது எந்த வட்டத்தின் வழியாகச் செய்தி வலைக்குள் வந்தது என்பதைக் காட்டுவது மட்டுமே. நடுவில் உள்ள பெயர் யாருடையது என்று அறிய `smsheader.trai.gov.in` தளத்தில் தேடலாம். பெயர் அங்கே இருந்தால் அந்த ஹெட்டருக்கு உரியவர் யார் என்று தெரியும். கையில் உள்ள செய்தியை அவர்தான் அனுப்பினார் என்பதற்கு அது ஆதாரமாகாது. காரணம், பதிவேடு காவல் நிற்பது தொலைபேசி நிறுவனத்தின் வாசலில். பைக்குள் வைத்துச் சுமக்கும் போலி டவர் கருவி, அருகில் உள்ள போன்களை 2ஜிக்கு இழுத்து, எந்தப் பெயரையும் போட்டு நேராகச் செய்தியை இறக்கிவிடும். அந்தச் செய்தி எந்த நிறுவனத்தின் மையத்தையும் தொடுவதில்லை. ஆண்ட்ராய்டு 12இலிருந்து பல போன்களில் சிம் அமைப்புகளுக்குள் 2ஜியை அணைக்கும் வசதி இருக்கிறது. நகரத்தில் இருப்பவர்கள் அணைத்து வைக்கலாம்.

நாட்டுக் குறியீட்டுடன் முழு எண்ணாக வந்தாலும் அது உறுதியல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் எழுத்துப் பெயர் செல்லாது. அங்கே அனுப்பும்போது அக்ரிகேட்டர் பெயரை எடுத்துவிட்டுத் தன்னிடம் உள்ள +1 எண் ஒன்றைப் போட்டுவிடுவது உண்டு. அப்போது அனுப்பிய நிறுவனம் எங்கே இருந்தாலும், பெறுபவர் பார்ப்பது அந்த +1 எண்ணைத்தான்.

ஆகவே, வந்த செய்தி உண்மையா என்று பார்க்க அனுப்பியவர் பெயரை விட்டுவிடுங்கள். இணைப்பைத் தொடாமல் வங்கியின் செயலியை நீங்களே திறந்து பாருங்கள், அல்லது கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் பேசுங்கள். எழுத்துப் பெயருக்குப் பதில் அனுப்பிச் சோதிக்க முடியாது, அந்த வழி ஒருதிசைப் பாதை.

சந்தேகச் செய்தியை அழிக்காதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று தேடும் வேலை உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் பதிவுகளிலிருந்துதான் தொடங்கும். எந்த இணைப்பில், எந்த அக்ரிகேட்டர் கணக்கிலிருந்து உள்ளே வந்தது என்று அங்கே இருக்கும். அங்கிருந்து ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிப் போக வேண்டும். அதற்குத் தேவை மூன்று: அனுப்பியவர் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே, வந்த தேதியும் நிமிடமும், செய்தியின் முழு வாசகம். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது நேரமும் தெரியும்படி எடுங்கள். பல போன்களில் செய்தியை அழுத்திப் பிடித்தால்தான் சரியான நேரம் வரும். இந்தியாவில் வேண்டாத விளம்பரச் செய்திக்கு 1909, ஏழு நாளுக்குள். மோசடி முயற்சி என்றால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதி. பணம் போய்விட்டால் உடனே 1930. சிங்கப்பூரில் அழைக்க வேண்டிய எண் 1799.