ஊரே அல்வா மீம் போடும்போது அல்வா கடை என்ன செய்வது?

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, நெல்லை, தென்காசி வட்டாரத்துக் கடைகள் சிலவற்றின் இன்ஸ்டாகிராம், பேஸ்புக் கணக்குகளைக் கவனித்து வருகிறேன். அவற்றில் ஒன்று டவுனில் உள்ள அல்வா கடை. ஒரு பட்ஜெட் நாளன்று இரவு ஒன்பது மணிக்கு அந்தக் கடை உரிமையாளரின் மகன் அழைத்தார். "அண்ணே, ஊரே அல்வா மீம் போட்டுக்கிட்டு இருக்கு. நாம போடாம வேற யார் போடுறது? இன்னைக்கு ராத்திரியே போட்டுருவோம்" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பட்ஜெட் ஆவணங்களை அச்சுக்கு அனுப்பும் கட்டத்தில் தில்லி நிதி அமைச்சகத்தில் பெரிய வாணலியில் அல்வா கிண்டிப் பரிமாறுவது பழைய வழக்கம். நம் ஊரிலோ 'அல்வா கொடுப்பது' என்றால் ஏமாற்றுவது என்று பொருள். இந்த இரண்டும் சேர்வதால், பட்ஜெட் வந்தால் அல்வா மீமும் கூடவே வந்துவிடுகிறது. கட்சிக்காரர்கள் தெருவில் நின்று பொதுமக்களுக்கு அல்வா கொடுத்து எதிர்ப்புத் தெரிவிப்பதும் நடக்கிறது. இதைவிடப் பொருத்தமான டிரெண்ட் ஓர் அல்வா கடைக்கு வராது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

எந்த டிரெண்டாக இருந்தாலும் பதில் சொல்வதற்கு முன் அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்வது என் வழக்கம். அன்றும் அப்படிக் கேட்டுக்கொண்டு, அந்த மீம்களில் நாற்பதைத் திறந்து, படத்தைவிடக் கருத்துப் பகுதியை அதிகமாகப் படித்தேன். நான் தேடுவது இரண்டு விஷயங்களைத்தான்: யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதும், நம் பொருள் அந்தச் சிரிப்பில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதும். நாற்பதில் மிகப் பெரும்பாலானவற்றில் அல்வா என்பது ஏமாற்றப்பட்டவன் கையில் இருக்கும் பொருளாகவே இருந்தது. கீழே கருத்துப் பகுதியில் இரு தரப்பும் கட்சிப் பெயர் சொல்லி வசைபாடிக்கொண்டிருந்தன. 'ஒரிஜினல் அல்வா எங்களிடம்தான்' என்ற ஒரு வரியை மட்டும் நாம் போட்டாலும், அதைப் படிப்பவர் அந்தச் சண்டையில் ஒரு பக்கத்தில்தான் நம்மை வைத்துப் பார்ப்பார். மாலையில் கடை முன்னால் வரிசையில் நிற்பவர்களில் இரண்டு கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, கோதுமைப் பால் எடுத்து, சீனியும் நெய்யும் சேர்த்து, நெய் பிரிந்து பதம் வரும்வரை மணிக்கணக்கில் கிண்டிய ஒரு பொருளை, ஏமாற்று என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அதை விற்பவரே கொண்டுபோய் வைக்கக்கூடாது. "தம்பி, மத்தவங்க கேலி பண்ணுனா அது வழக்குச் சொல். நாம சொன்னா அது ஒப்புதல் வாக்குமூலம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்பாவிடம் போனைக் கொடுத்தார். அண்ணாச்சி ஒரே வார்த்தையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பொருளுக்கும் டிரெண்டுக்கும் ஒரே சொல் இருப்பதைப் பொருத்தம் என்று நினைப்பதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் தவறு. 2014 செப்டம்பரில் அமெரிக்காவில் #WhyIStayed என்ற குறிச்சொல் பரவியது. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்கள், அந்த உறவில் ஏன் தங்கியிருந்தோம் என்பதை அதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். டிஜியோர்னோ என்ற பீட்சா நிறுவனம் அது என்னவென்று பார்க்காமலே, பீட்சா இருந்ததால் தங்கினேன் என்ற பொருளில் ஒரு பதிவைப் போட்டுவிட்டது. உடனே நீக்கிவிட்டு, கோபப்பட்டவர்களிடம் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டது. அந்தக் குறிச்சொல்லைத் தொட்டுப் பத்துப் பதிவுகளைப் படித்திருந்தால் அந்தப் பதிவு வந்தே இருக்காது.

ரீல்ஸ் ஒலிகளுக்கு நம் பகுதியில் இந்தச் சோதனை இன்னும் அவசியம். ஒலியின் பெயரைத் தொட்டால் அதைப் பயன்படுத்தியவர்களின் ரீல்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். சென்னையில் கல்யாண வீட்டு ஆட்டத்துக்கு ஓடும் ஒரு பாட்டு, தென் மாவட்டங்களில் சாதிப் பெருமை பேசும் ரீல்களுக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். அந்தப் பக்கத்தில் அரிவாளோ, ஒரு குறிப்பிட்ட நிறக் கொடியோ கண்ணில் பட்டால் நான் அந்த ஒலியைத் தொடுவதில்லை. நம் ரீலில் தவறு எதுவும் இல்லாவிட்டாலும் அந்தப் பட்டியலில் அதுவும் ஒன்றாகக் கிடக்கும். இத்துடன் உரிமப் பிரச்சினையும் உண்டு. வணிகக் கணக்குகளில் பல சினிமாப் பாடல்கள் கிடைப்பதில்லை. அதற்காகக் கணக்கைத் தனிநபர் கணக்காக மாற்றிப் பாட்டைப் போட்டால், பாட்டு கிடைக்குமே தவிர, விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை கிடைக்காது.

அதே கடை சேர்ந்துகொண்ட டிரெண்டும் ஒன்று உண்டு. 2024-இன் தொடக்கத்தில், ஒரு தொழிலில் இருப்பவர்கள் வரிசையாக வந்து 'நாங்கள் இன்னார், நாங்கள் இப்படித்தான் செய்வோம்' என்று சொல்லும் ரீல் உலகமெங்கும் பரவியது. இதில் கேலி செய்யப்படுவது பேசுகிறவர் மட்டுமே, வேறு யாருக்கும் அதில் அடி விழுவதில்லை. குரலும் நம்முடையதே என்பதால் உரிமம் பற்றிய கவலையும் இல்லை. சரக்கு மாஸ்டர் துடுப்பைக் கையில் பிடித்தபடி, "நாங்க அல்வா கிண்டுறவங்க, 'நெய் கம்மியாப் போடுங்க'ன்னா சிரிச்சுட்டுக் கிண்டிக்கிட்டே இருப்போம்" என்றார். எடை போடுகிற பையன், "நாங்க அல்வா நிறுக்கிறவங்க, 'கால் கிலோ போதும்'னு சொல்றவரு திரும்பி வருவாருன்னு எங்களுக்குத் தெரியும்" என்றான். ஒரு மணி நேரத்தில் எடுத்து அன்று மாலையே போட்டோம். கடைப் பெயரை எடுத்துவிட்டு ஜவுளிக்கடைப் பெயரைப் போட்டால் அந்த வரிகள் ஒன்றுகூட நிற்காது. டிரெண்ட் நமக்குப் பொருந்துகிறதா, வலிந்து ஒட்டியிருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள எனக்கு இருக்கும் நம்பகமான அளவுகோல் இதுதான். இன்னொன்று காலம். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரு டிரெண்டைத் தொட்ட பிறகு சிறிய கடை சேர்ந்தால் ஆறிய சோறு போலத்தான் இருக்கும்.

பொருத்தமான டிரெண்டும் ஒரே இரவில் தப்பாகிவிடும் என்பதை 2023 டிசம்பர் 17 எனக்குக் கற்றுக்கொடுத்தது. மழையும் சூடான தின்பண்டமும் சேர்ந்த ரீல்கள் அந்த வாரம் நன்றாக ஓடின. வெள்ளிக்கிழமையே ஒன்றைத் தயாரித்து, ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வெளியாகும்படி நேரம் குறித்து வைத்துவிட்டேன். ஞாயிறன்று கொட்டிய மழையில், மறுநாள் காலை காயல்பட்டினத்தில் 24 மணி நேர அளவு 95 சென்டிமீட்டர் என்று பதிவானது. தாமிரபரணி கரை புரண்டு ஊருக்குள் வந்துகொண்டிருந்த நேரத்தில், 'மழைக்கு இதமாகச் சூடான அல்வா' என்ற பதிவு கடைப் பெயரில் போய்விட்டது. என் வீட்டில் மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை, நீக்க முடியவில்லை. வேறு ஊரில் இருந்த நண்பருக்குக் கணக்கின் அனுமதி இருந்திருந்தால் இரண்டு நிமிட வேலை. இப்போது ஒவ்வொரு கணக்குக்கும் மாவட்டத்துக்கு வெளியே உள்ள ஒருவருக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன். மழை எச்சரிக்கையோ, தலைவர் மறைவோ, ஊரில் ஒரு கொலையோ என்றால், காத்திருக்கும் பதிவுகள் எல்லாவற்றையும் முதலில் நிறுத்திவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்போம்.

பட்ஜெட் இரவுக்கு வருகிறேன். நாம் பதிவு போடாவிட்டாலும் மற்றவர்கள் தங்கள் மீம்களில் கடையை டேக் செய்துகொண்டே இருந்தார்கள். கடைக் கணக்கிலிருந்து ஒரு லைக் போனாலும் அதைப் படம்பிடித்துப் பரப்ப ஆள் உண்டு என்பதால், லைக்கும் இல்லை, பகிர்வும் இல்லை என்று முடிவு செய்து, டேக் செய்ததைக் கணக்கில் காட்டுவதற்கு நம் ஒப்புதல் தேவை என்று அமைப்பை மாற்றினோம். 'அண்ணாச்சி, இன்னைக்கு அல்வா எல்லாருக்கும் ஃப்ரீயா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். 'கடை நாளை வழக்கமான நேரத்தில் திறந்திருக்கும், வாருங்கள்' என்று மட்டும் பதில் எழுதினோம்.