ஃபத்ரா: தூது எட்டாதவர்களைக் குறிக்கும் சொல்

நபிமார்களின் செய்தியே கேள்விப்படாமல் இறந்துபோனவரின் மறுமை நிலை என்ன? மார்க்க வகுப்புகளில் இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் ஆலிம்கள் தவறாமல் சொல்லும் சொல் ‘அஹ்லுல் ஃபத்ரா’. ‘அஹ்ல்’ என்றால் உடையவர், சார்ந்தவர். ‘ஃபத்ரா’ என்பதற்குத்தான் கொஞ்சம் விளக்கம் தேவை.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். ரமலான் முடிவில் அரிசியாகவோ பணமாகவோ கொடுக்கிறோமே ‘ஃபித்ரா’, அது வேறு. ‘ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ராவில்தான் பிறக்கிறது’ என்று சொல்லும்போது வரும் இயல்புத் தன்மையும் வேறு. அந்த இரண்டும் அரபியில் ‘தோ’ (ط) என்ற அழுத்தமான எழுத்து வரும் வேரிலிருந்து பிறந்தவை. ‘ஃபத்ரா’வில் வருவது மெல்லிய ‘தே’ (ت). தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘த்’ போட்டு எழுதுவதால், வாசிப்பவருக்கு இவை ஒரே சொல்லின் இரு வடிவங்கள் போலத் தெரிகின்றன. பொருளில் ஒரு தொடர்பும் இல்லை.

‘ஃபதர’ என்ற வினைக்கு வேகம் குறைந்து தளர்தல், சூடு தணிதல் என்று பொருள். வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரபியில் ‘ஃபாதிர்’ என்பார்கள். வானவர்கள் இரவும் பகலும் ‘தளராமல்’ துதிக்கிறார்கள் என்று குர்ஆன் (21:20) சொல்வதும் இந்த வினையால்தான். அதாவது வெறும் காலி இடத்தை இந்தச் சொல் குறிக்கவில்லை. முன்பு தீவிரமாக இருந்த ஒன்று தணிந்து, திரும்பத் தொடங்குவதற்கு முன் உள்ள இடைவெளியைக் குறிக்கிறது. ஹிரா குகையில் முதல் வஹீ வந்த பிறகு சில காலம் வஹீ நின்றிருந்ததை ஹதீஸ்கள் ‘ஃபத்ரத்துல் வஹீ’ என்று குறிப்பிடுவது இதனால்தான்.

நம் சொல்லுக்கு ஆதாரமான இடம் ஐந்தாவது அத்தியாயத்தின் 19ஆம் வசனம். தூதர்கள் வராமல் ஒரு ஃபத்ரா நிலவியபோது நம் தூதர் வந்திருக்கிறார், ‘நற்செய்தி சொல்பவரும் எச்சரிப்பவரும் எங்களிடம் வரவில்லையே’ என்று நீங்கள் சொல்லிவிடாதிருக்க இப்படிச் செய்தோம் என்று வேதக்காரர்களைப் பார்த்து அந்த வசனம் பேசுகிறது. ஈஸா (அலை) அவர்களுக்கும் முஹம்மது நபி (ஸல்) அவர்களுக்கும் நடுவிலுள்ள காலம்தான் அது. 600 ஆண்டுகள் என்று ஸல்மான் பார்ஸி (ரலி) சொன்னது புகாரியில் பதிவாகியிருக்கிறது.

கால அளவைச் சொல்லும் இந்தச் சொல்லை மறுமைத் தீர்ப்புக்கான சொல்லாக மாற்றியது இன்னொரு வசனம்: ‘தூதரை அனுப்பாதவரை நாம் யாரையும் தண்டிப்பவராக இல்லை’ (17:15). இரண்டையும் சேர்த்து வாசித்தால் கேள்வி தானாக வருகிறது. அந்த 600 ஆண்டுகளில் மக்காவில் பிறந்து, சிலைகளைக் கும்பிட்டு, அப்படியே இறந்துபோன ஒருவர் தண்டிக்கப்படுவாரா?

‘இல்லை’ என்று உடனே சொல்லிவிடலாம் போலத்தான் தோன்றும். ஆனால் அறிஞர்கள் முன்னால் சில ஹதீஸ்கள் இருந்தன. அம்ர் பின் லுஹை என்ற குஸாஆ குலத் தலைவர் நரகில் தம் குடலை இழுத்துக்கொண்டு போவதைக் கண்டதாக நபி (ஸல்) சொன்னது புகாரியில் உள்ளது. ஒட்டகங்களைச் சிலைகளின் பெயரால் நேர்ந்துவிடும் வழக்கத்தை முதலில் ஏற்படுத்தியவர் அவர். இதற்கு நேர் எதிரான ஒருவர் ஸைத் பின் அம்ர் பின் நுஃபைல். சிலைகளுக்காக அறுத்ததை உண்ணாதவர், உண்மையான மார்க்கத்தைத் தேடி ஷாம் வரை போனவர். கஅபாவில் முதுகைச் சாய்த்து நின்று, ‘குறைஷிகளே, உங்களில் இப்ராஹீமின் மார்க்கத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை’ என்று அறிவித்தவர். பெண் குழந்தையைப் புதைக்கப் போகும் தகப்பனிடம், ‘கொல்லாதே, இவள் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று வாங்கி வளர்த்தவர். நபித்துவம் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார்.

இருவரும் ஒரே ஃபத்ரா காலத்தவர்கள், ஒரே ஊரோடு தொடர்புடையவர்கள். ஆனாலும் ஒருவருக்குத் தண்டனை, மற்றவருக்குப் புகழ். அப்படியானால் 17:15 எங்கே பொருந்துகிறது?

துனிஸ் நகரத்து மாலிகி அறிஞர் உப்பி, முஸ்லிம் ஹதீஸ் தொகுப்புக்கு எழுதிய விரிவுரையில் இந்த முடிச்சை அவிழ்க்கிறார். ஃபத்ரா காலத்தவர்களை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். ஸைதைப் போலத் தம் அறிவால் ஓரிறைக் கொள்கையைக் கண்டுகொண்டவர்கள் முதல் வகை. அம்ர் பின் லுஹையைப் போல மார்க்கத்தைத் திருத்தி, புதிய சட்டம் போட்டு, பிறரை வழிகெடுத்தவர்கள் இரண்டாம் வகை. இந்த இரண்டும் செய்யாமல், எதையும் தேடாமல், எதையும் புதிதாக உண்டாக்காமல், அறியாமையிலேயே வாழ்ந்து முடித்த பெருங்கூட்டம் மூன்றாம் வகை. ‘அஹ்லுல் ஃபத்ரா’ என்ற சொல்லுக்கு உண்மையில் உரியவர்கள் இந்த மூன்றாம் வகையினர் மட்டுமே, இவர்களுக்குத் தண்டனை இல்லை என்பது அவர் முடிவு.

இந்த இடத்தில் உப்பி, தமக்கு முன்னால் அதே தொகுப்புக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவியோடு (இறப்பு 1277) மோதுகிறார். சிலை வணக்கத்தில் இருந்தபடி ஃபத்ராவில் இறந்த அரபியர் நரகவாசிகளே, ஏனென்றால் இப்ராஹீம் (அலை) முதலான நபிமார்களின் அழைப்பு அவர்களுக்கு எட்டியிருந்தது என்று நவவி எழுதியிருந்தார். உப்பி கேட்கிறார்: அழைப்பு எட்டியவரை ஃபத்ராக்காரர் என்று எப்படிச் சொல்லலாம்? எட்டியிருந்தால் ஃபத்ரா இல்லை, ஃபத்ரா என்றால் எட்டவில்லை. இந்த எதிர்வாதம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஒரு காலத்தில் பிறந்ததால் யாரும் அஹ்லுல் ஃபத்ரா ஆகிவிடுவதில்லை, செய்தி எட்டியதா என்பதே அளவுகோல் என்ற இடத்துக்கு அது சொல்லைக் கொண்டுவந்துவிடுகிறது. நபித்துவத்துக்கு முன்பே இறந்துவிட்ட நபியவர்களின் பெற்றோர் பற்றி மனம் கலங்குபவர்களுக்கும் இந்த வாதம் பெரிய ஆதரவு. அவர்கள் மீட்சி பெற்றவர்களே என்று தனி நூல்கள் எழுதிய சுயூத்தி (இறப்பு 1505) உப்பியை எடுத்தாள்வதும் அதற்காகத்தான்.

அப்புறம், அறிவின் பங்கு பற்றி முஃதஸிலா, மாத்துரீதி, அஷ்அரி என்ற இறையியல் பள்ளிகளுக்குள் உள்ள கருத்து வேறுபாடு. அதற்கு எடுத்துக்காட்டாக அந்தக் கால நூல்களில் வருபவர் உயர்ந்த மலை உச்சியில் தனியே வளர்ந்த மனிதர். அவருக்குத் தொழுகை தெரியாது, நோன்பு தெரியாது. அதற்காக அவரைக் கேள்வி கேட்க முடியாது என்பதில் பெரும்பாலும் எல்லோரும் ஒன்றுதான். ஆனால் படைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதையாவது வானத்தையும் பூமியையும் பார்த்து அவர் அறிந்திருக்க வேண்டாமா? வேண்டும் என்றார்கள் முஃதஸிலாக்கள். சமர்கந்தைச் சேர்ந்த மாத்துரீதி அறிஞர்களும், படைப்பைக் கண்ணால் காணும் எவருக்கும் படைத்தவனை அறியாததற்குச் சாக்கு இல்லை என்ற இமாம் அபூஹனீஃபாவின் கூற்றை வைத்து அதையே சொன்னார்கள். அஷ்அரிகள் ஒப்பவில்லை. தூதர் வந்த பின்புதான் எந்தக் கடமையும், அதற்கு முன் எதுவும் இல்லை என்பது அவர்கள் நிலை. தமிழ் நாட்டில் கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈகள் மரபாக அஷ்அரி வழி, உள்நாட்டு ஹனஃபிகள் மாத்துரீதி வழி என்பதால், இந்த வேறுபாடு நமக்கு வெகு தூரத்து விஷயம் இல்லை. ஆனால் புகாராவின் மாத்துரீதிகள் அஷ்அரிகளோடு நின்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தண்டனை இல்லை என்றால் அடுத்து என்ன? நேரே சொர்க்கமா? இங்கே ஒரு ஹதீஸ் வருகிறது. காது கேளாதவர், புத்தி பேதலித்தவர், முதுமையில் அறிவு தளர்ந்தவர், ஃபத்ராவில் இறந்தவர் ஆகிய நால்வரும் மறுமையில் தத்தம் நியாயத்தைச் சொல்வார்கள். ‘இறைவா, உன் தூதர் யாரும் என்னிடம் வரவில்லை’ என்பார் நான்காமவர். அப்போது அவர்களிடம் கீழ்ப்படிவதாக உறுதி வாங்கப்பட்டு, நெருப்பில் நுழையும்படி கட்டளை வரும். நுழைந்தவருக்கு அது குளிர்ந்துவிடும். அஸ்வத் பின் ஸரீஃ (ரலி) வழியாக அஹ்மதின் முஸ்னதில் வரும் செய்தி இது. இதை இப்னு அப்துல் பர் (இறப்பு 1071) ஏற்கவில்லை: மறுமை கூலி தரும் இடம், சோதிக்கும் இடம் இல்லை, நெருப்பில் குதி என்பது மனிதச் சக்திக்கு மீறிய கட்டளை என்றார். இப்னு கஸீர் (இறப்பு 1373) 17:15க்கான விளக்கத்தில் இதுபற்றிய அறிவிப்புகளைத் திரட்டிவைத்துப் பதில் சொன்னார்: மறுமையிலும் ஸஜ்தா செய்ய அழைக்கப்படுவார்கள் என்று குர்ஆனே (68:42) சொல்கிறது, ஆக அங்கும் கட்டளை உண்டு. தீர்ப்பு என்றால் ஒருவர் செய்ததை எடைபோடுவது. செய்ய வாய்ப்பே கிடைக்காதவருக்கு முதலில் வாய்ப்பு தர வேண்டும் என்பதுதான் இந்த ஹதீஸின் நியாயம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இந்தச் சொல்லின் எல்லையை முஹம்மது நபிக்குப் பிந்திய காலத்துக்கும் விரித்தவர் இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111). ‘ஃபைஸலுத் தஃப்ரிக்கா’ என்ற நூலில் தம் காலத்து ரோமானியக் கிறிஸ்தவர்களையும் தொலைதூரத் துருக்கியரையும் எடுத்துக்கொள்கிறார். நபியின் பெயரே கேட்காதவர்களுக்கு மன்னிப்பு உண்டு. பக்கத்திலேயே வாழ்ந்து, அவர் பண்புகளும் அற்புதங்களும் தெரிந்தும் மறுத்தவர்களுக்கு இல்லை. இடையில் ஒரு கூட்டம் இருக்கிறது: அவர்கள் பெயரைக் கேட்டிருக்கிறார்கள், ஆனால் சிறுவயது முதல் ‘முஹம்மது என்ற ஏமாற்றுக்காரர் நபி என்று வாதிட்டார்’ என்றுதான் கேட்டிருக்கிறார்கள். இவர்களும் முதல் கூட்டத்தைப் போன்றவர்களே என்கிறார் கஸ்ஸாலி. இப்படிக் கேட்டவருக்குத் தேடிப் பார்க்கத் தோன்றாது, தேடத் தூண்டாத செய்தி எட்டியும் எட்டாததே என்பது அவர் காரணம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘இடைக்கால மக்கள்’ என்று சிலர் எழுதுவார்கள். எழுத்துக்கு எழுத்து சரிதான், ஆனால் வரலாறு படித்தவருக்கு இடைக்காலம் என்றால் மன்னராட்சிக் காலம், செய்தித்தாள் வாசிப்பவருக்கு இடைக்காலத் தடை. ‘அறியாமைக் காலத்தவர்’ என்றும் எழுத முடியாது, அது ஜாஹிலிய்யா என்ற வேறொரு சொல்லுக்கு உரியது. ஜாஹிலிய்யா அந்தச் சமூகம் வாழ்ந்த முறையைக் குறை சொல்கிறது, ஃபத்ரா தூதர் வராததை மட்டும் சொல்கிறது. அம்ர் பின் லுஹை ஜாஹிலிய்யாக்காரர் என்பதில் ஐயமே இல்லை, உப்பியின் கணக்கில் அவர் அஹ்லுல் ஃபத்ரா இல்லை.

ஆகவே காலத்தைக் குறிக்கும் இடத்தில் ‘தூதர் வராத இடைவெளி’ என்றும், ஆட்களைக் குறிக்கும் இடத்தில் ‘தூது எட்டாதோர்’ என்றும் எழுதலாம். ‘எட்டாதோர்’ என்பது பொருத்தமாகவும் இருக்கிறது. ‘இதைக் கொண்டு உங்களையும் இது எட்டியவர்களையும் எச்சரிக்க’ என்று குர்ஆன் (6:19) சொல்லும்போது வரும் ‘பலஃக’ என்ற வினைக்கு எட்டுதல், போய்ச் சேர்தல் என்றே பொருள். கஸ்ஸாலியின் மூன்றாம் கூட்டத்துக்கும் இந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும், ‘இடைவெளிக் காலத்தவர்’ என்பது பொருந்தாது. மார்க்க நூல்களில் முதல் தடவை ‘தூது எட்டாதோர் (அஹ்லுல் ஃபத்ரா)’ என்று எழுதிவிட்டு, பிறகு தமிழ்ச் சொல்லை மட்டும் பயன்படுத்தினால் போதும்.