வாயால் சொன்ன கூடுதல் வேலைக்குக் கையெழுத்துக் கேட்கும் கடிதம்: வீடு கட்டும் ஒப்பந்ததாரருக்குச் சட்டம் தரும் உரிமையும் எழுதும் முறையும்

வீடு கட்டும் இடத்துக்கு உரிமையாளர் வருகிறார். தோண்டிய குழியைப் பார்த்துவிட்டு, "சம்பைக் கொஞ்சம் பெரிசாவே போட்டுடுங்க, கணக்கைக் கடைசியில பாத்துக்கலாம்" என்கிறார். அக்ரிமென்ட்டில் இருப்பது 6,000 லிட்டர், அவர் கேட்பது 10,000. கடைசிக் கட்டப் பணம் கேட்கும்போது, "அது சதுர அடி ரேட்டுக்குள்ளயே வந்துடும்னு நெனச்சேன்" என்று பதில் வருகிறது. பெரும்பாலான கூடுதல் வேலைத் தகராறுகளில் இரு தரப்பும் பொய் சொல்வதில்லை. விலை பேசாமல் விட்டதுதான் காரணம். அதை எழுத்தில் கொண்டுவருவதுதான் மாற்றுப்பணி ஒப்புதல் கடிதம். களத்தில் சேஞ்ச் ஆர்டர் என்பார்கள்.

எழுத்து இல்லையென்றால் பணமே கிடைக்காது என்பது தவறான எண்ணம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். அதே சட்டத்தின் 70-ஆம் பிரிவு இன்னொரு வழியும் தருகிறது. ஒருவர் இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி, சட்டப்படி மற்றவருக்காக ஒரு வேலை செய்து, அந்த மற்றவர் அதன் பலனை அனுபவித்தால், ஈடு தர வேண்டும். மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் நிலைநாட்டியது. 1944-இல் ஆரம்பாக் என்ற ஊரில் அரசு அதிகாரி கேட்டுக்கொண்டபடி காவல் அறை, சமையலறை போன்றவற்றை அந்த நிறுவனம் கட்டியது. முறையான ஒப்பந்தம் இல்லை. ஆனாலும் அரசு அவற்றை ஏற்றுப் பயன்படுத்தியதால், ஈடு தரவேண்டும் என்று தீர்ப்பானது.

இதை நம்பி எழுத்தை விட்டுவிடக் கூடாது. 70-ஆம் பிரிவில் கிடைப்பது நியாயமான ஈடு. நீங்கள் மனத்தில் வைத்திருந்த ரேட் அல்ல. அந்த வேலைக்கு விலை ஏற்கெனவே ஒப்பந்தத்துக்குள் அடங்கியிருந்தால் இந்தப் பிரிவு உதவாது. சம்ப் தகராறில் உரிமையாளர் சொல்லும் வாதமே அதுதான். "எழுத்து மூலம் ஒப்புதல் இல்லாத கூடுதல் வேலைக்குப் பணம் கிடையாது" என்ற வரி அக்ரிமென்ட்டில் இருந்தால் நிலைமை இன்னும் கடினமாகும். ஆகவே கடிதம் எழுதும் முன் அக்ரிமென்ட்டில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

கடிதத்தில் முதலில் வரவேண்டியது கணக்கு. மேலே சொன்ன சம்பையே எடுத்துக்கொள்வோம். உள்ளளவு 8 அடி நீளம், 6 அடி அகலம், 4.5 அடி ஆழம் என்றால் 216 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்று வைத்தால் ஏறத்தாழ 6,100 லிட்டர். கேட்ட புது அளவு 10 அடிக்கு 6 அடி, ஆழம் 6 அடி: 360 கன அடி, ஏறத்தாழ 10,200 லிட்டர். 9 அங்குலச் செங்கல் சுவர் என்று கொண்டால் சுவர் வேலை 53 கன அடியும், உட்பூச்சு 66 சதுர அடியும் கூடுகின்றன. அடித்தளத்திலும் கவர் ஸ்லாபிலும் தலா 15 சதுர அடி கூடும். சுற்றிலும் ஒரு அடி வேலை இடமும், ஸ்லாபுகளின் கனத்துக்காக ஆழத்தில் ஒரு அடியும் விட்டால் மண் வெட்டு ஏறத்தாழ 297 கன அடி கூடும்.

மாதிரிக்கு ஒரு ரேட் போட்டால், சுவர் 13,250 ரூபாய், பூச்சு 4,290, இரண்டு ஸ்லாபும் சேர்த்து 6,000, மண் வெட்டு 4,455. மொத்தம் 27,995 ரூபாய். உங்கள் ஊர் விலை வேறாக இருக்கும். "சம்ப் பெரிதாக்கியதற்கு 28,000" என்று ஒற்றை வரியில் எழுதினால் உரிமையாளருக்குச் சந்தேகம்தான் வரும். பழைய அளவு, புது அளவு, வித்தியாசம், ரேட் என்று பிரித்துக் காட்டினால் அவர் தன் இன்ஜினியரிடம் காட்டிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

கடிதத்தின் நடு இப்படி இருக்கலாம்:

"அன்புடையீர், வணக்கம். நமது அக்ரிமென்ட்படி சம்ப் கொள்ளளவு 6,000 லிட்டர். இம்மாதம் 4-ஆம் தேதி வேலையிடத்தில் தாங்கள் நேரில் கேட்டுக்கொண்டபடி அதை 10,000 லிட்டராக மாற்ற வேண்டியுள்ளது. கூடுதல் அளவும் தொகையும் இணைப்பில் உள்ளன. மொத்தம் 27,995 ரூபாய், கூடுதல் நாள் நான்கு. தொகையை அடுத்த கட்டப் பணத்துடன் தர வேண்டுகிறோம். அக்ரிமென்ட்டின் மற்ற நிபந்தனைகள் மாறவில்லை. சம்மதம் எனில் கீழே கையெழுத்திட்டு ஒரு படியைத் திருப்பித் தாருங்கள். கையெழுத்து வந்ததும் வேலையைத் தொடர்வோம்."

கூடுதல் நாளைச் சேர்க்காமல் விடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அந்த நான்கு நாளும் பின்னால் உங்கள் தாமதமாகிவிடும். ஜி.எஸ்.டி. பதிவு இருந்து வரி பொருந்தினால் அதைத் தொகைக்குள் புதைக்காமல் தனி வரியாகக் காட்டுங்கள். அவர் கேட்ட தேதியும் கடிதம் எழுதும் தேதியும் வேறு வேறு. இரண்டையும் உள்ளபடி எழுதுங்கள். முன்தேதி போட்ட தாள் ஒன்று சிக்கினால் மற்ற தாள்களின் நம்பகமும் போய்விடும்.

வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டால் கடைசி வரியை மாற்ற வேண்டும். "வேலை இன்ன தேதியில் முடிந்தது, தாங்கள் பயன்படுத்திவருகிறீர்கள், அளவையும் தொகையையும் உறுதிசெய்து கையெழுத்திடுங்கள்" என்று எழுதுங்கள். சம்ப் போன்ற மறையும் வேலைக்கு அளவெடுக்கும் வாய்ப்பு ஒரே முறைதான். வெளியே மண் நிரப்பி மேலே ஸ்லாப் போடும் முன், டேப் தெரியும்படி படம் எடுத்து, அளவுத் தாளில் அவரிடமோ அவர் இன்ஜினியரிடமோ கையெழுத்து வாங்குங்கள். தொகை மீது பிணக்கு இருந்தால், அளவுக்கு மட்டுமாவது கையெழுத்து வாங்குங்கள். பாதித் தகராறு அதிலேயே தீர்ந்துவிடும்.

யார் கையெழுத்துப் போடுகிறார் என்பது அடுத்த சிக்கல். களத்தில் கேட்பது மாமனாராகவோ மைத்துனராகவோ இருப்பார். அக்ரிமென்ட்டில் உள்ளவர் வெளிநாட்டில் இருப்பார். அக்ரிமென்ட்டில் கையெழுத்திட்டவரோ, அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தவரோதான் ஒப்ப வேண்டும். கணவன், மனைவி இருவரும் அதில் கையெழுத்திட்டிருந்தால் இருவரிடமும் வாங்குங்கள்.

கையெழுத்து வரவில்லையென்றால், ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்பி, அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். "ஏழு நாளில் பதில் இல்லையேல் சம்மதமாகக் கொள்வோம்" என்று எழுதுவதால் மட்டும் சம்மதம் உண்டாகிவிடாது. மௌனம் ஒப்புதல் ஆகாது. ஆனால் கடிதம் போய்ச் சேர்ந்ததற்கும், மறுப்பு வராததற்கும் அது சாட்சியாகும். வாட்ஸ்அப்பில் "சரி, செய்யுங்க" என்று வந்த பதிலும் சாட்சிதான். பாரதிய சாட்சிய அதினியம், 2023-இன் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழுடன் அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றினாலும் பழையதை வைத்திருங்கள்.

காலக்கெடுவும் உண்டு. பணம் தரும் தேதி பேசப்படாத வேலைக்கு, வரம்புச் சட்டம், 1963-இன்படி வேலை முடிந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். நீங்கள் எத்தனை கடிதம் அனுப்பினாலும் அந்தக் கெடு நீளாது. கெடு முடியும் முன் உரிமையாளர் பாக்கியை ஏற்று எழுத்தில் கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். அதனால் வேலை முடிந்த பின் வரும் கடிதத்திலும் "இந்தத் தொகை பாக்கி உள்ளது என்று ஒப்புக்கொள்கிறேன்" என்ற வரியைக் கையெழுத்துக்கு மேலே வையுங்கள்.