44-க்கு விற்ற புட் 88 ஆனால்

ஒரு புரோக்கர் நிறுவனத்தின் ரிஸ்க் பிரிவில் என் வேலை. மார்ஜின் பற்றாத கணக்குகளைப் பார்த்து, தேவைப்பட்டால் பொசிஷனை மூடுவது. நாங்கள் மூட நேரும் கணக்குகளில் ஷார்ட் ஸ்ட்ராங்கிள்கள், அதாவது ஒரு கால் ஆப்ஷனையும் ஒரு புட் ஆப்ஷனையும் சேர்த்து விற்றவை, அதிகம். அவற்றில் பெரும்பாலானவை முதல் நாளே கெட்டுப்போனவை அல்ல. அடி விழுந்த பிறகு உட்கார்ந்து யோசித்ததில் கெட்டவை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். விலைகள் விளக்கத்துக்காக நான் போட்டவை, ஆனால் சந்தையில் இப்படித்தான் இருக்கும். புதன்கிழமை, நிஃப்டி 25,000. அடுத்த செவ்வாய் எக்ஸ்பைரி. 25,400 கால் ஆப்ஷனை 36 ரூபாய்க்கும் 24,600 புட்டை 44 ரூபாய்க்கும் விற்கிறீர்கள். கையில் வந்தது 80. லாட் 65 என்றால் 5,200 ரூபாய். நிஃப்டி இரண்டு ஸ்டிரைக்குகளுக்கும் நடுவில் கிடந்தால் இந்தப் பணம் உங்களுடையது.

வெள்ளிக்கிழமை நிஃப்டி 24,740-க்கு இறங்குகிறது. புட் 88 ஆகிவிட்டது. கால் 6-க்கு வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

நான் வைத்திருக்கும் விதி எளிது. எந்தக் கால், புட் ஆனாலும் விற்ற விலையைப் போல இரண்டு மடங்கு ஆனால் அதை வாங்கி மூட வேண்டும். கூடவே எதிர்ப்பக்கத்தையும் மூட வேண்டும். மேலே சொன்ன நிலையில் புட்டில் நஷ்டம் 44, காலில் லாபம் 30. இரண்டையும் சேர்த்தால் நஷ்டம் 14 ரூபாய், அதாவது 910. பலர் இந்தக் கணக்கைப் போட்டே பார்ப்பதில்லை. புட்டில் சிவப்பாகத் தெரியும் 2,860-ஐ மட்டும் பார்த்து, "இவ்வளவு நஷ்டத்தில் எப்படி வெளியே வருவது" என்று நிற்கிறார்கள்.

ஏன் நிஃப்டியின் அளவை வைக்காமல் பிரீமியத்தை வைக்கிறேன்? 24,740-இல் நிஃப்டி ஸ்டிரைக்கிலிருந்து இன்னும் 140 புள்ளி தள்ளித்தான் இருக்கிறது. ஸ்டிரைக்கைத் தொட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், அது தொடும்போது புட் 130, 140 என்று போயிருக்கும். சந்தை பயந்து இறங்கும்போது வாலட்டிலிட்டியும் சேர்ந்து ஏறும். அந்தப் பயத்தின் விலை பிரீமியத்தில் உடனே தெரியும், நிஃப்டி எண்ணில் தெரியாது.

இந்த விதிக்கு ஒரு ஓட்டை உண்டு. கடைசி இரண்டு நாளில் டைம் வேல்யூ கரைந்துவிடுவதால், நிஃப்டி ஸ்டிரைக்கையே தாண்டினாலும் புட் 88-க்கு வராமல் இருக்கலாம். அப்போது ஐம்பது புள்ளி அசைவுக்கே பிரீமியம் குதிக்கும். அதனால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன்: திங்கள் மாலை மூன்று மணிக்கு மேல் எதுவும் கையில் இருக்கக் கூடாது. எக்ஸ்பைரி நாளில் ஷார்ட் ஆப்ஷனுக்கு கூடுதலாக 2% மார்ஜின் வேறு கேட்பார்கள். 2024 நவம்பரிலிருந்து செபி அப்படி வைத்திருக்கிறது.

சரி, விதியை விட்டவர்கள் என்ன செய்கிறார்கள்? முதலாவது, லாபத்தில் இருக்கும் கால் ஆப்ஷனை 6 ரூபாய்க்கு மூடிவிட்டு புட்டை வைத்துக்கொள்வது. லாபத்தை எடுத்த திருப்தி. ஆனால் ஆபத்து முழுக்க இருப்பது புட்டில். மார்ஜினும் அந்தப் பக்கத்துக்காகவே பிடிக்கப்பட்டிருப்பதால் பெரிதாகக் குறையாது. திங்களன்று நிஃப்டி 24,450-இல் திறந்து புட் 190 ஆனால், 910-இல் முடிந்திருக்க வேண்டியது 7,540 ஆகிவிடும்.

இரண்டாவது, இன்னும் மோசமானது: அட்ஜஸ்ட்மென்ட். புட்டில் வந்த நஷ்டத்தை ஈடுகட்ட, 25,400 கால் ஆப்ஷனை மூடிவிட்டு 24,950 கால் ஆப்ஷனை விற்பது. பிரீமியம் நன்றாகவே கிடைக்கும். ஆனால் 800 புள்ளி இருந்த இடைவெளி இப்போது 350. சந்தை எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி.

2024 தேர்தல் வாரம் இதற்குக் கண்முன் சாட்சி. மே 31 வெள்ளியன்று நிஃப்டி 22,530-இல் முடிந்தது. வார இறுதியில் எக்ஸிட் போல் வந்தது. ஜூன் 3 திங்கள் காலை 800 புள்ளிக்கு மேல் உயர்ந்தே திறந்து, 23,263-இல் முடிந்தது. கால் விற்றவர்கள் அன்று அடிபட்டார்கள். அவர்களில் சிலர் நஷ்டத்தை மீட்க, செத்துக் கிடந்த பழைய புட்டை மூடிவிட்டு 22,800 பக்கம் புதுப் புட் விற்றார்கள். "எக்ஸிட் போலே சொல்லிவிட்டது, கீழே எங்கே போகப் போகிறது?" என்று ஒருவர் எங்களிடமே கேட்டார். மறுநாள் வாக்கு எண்ணிக்கை. நிஃப்டி ஒரு கட்டத்தில் 21,281 வரை இறங்கி 21,884-இல் முடிந்தது. 22,800 புட் அந்தத் தாழ்நிலையில் இன்ட்ரின்சிக் வேல்யூ மட்டுமே 1,500 ரூபாய். திங்கள் காலையில் இரண்டு பக்கத்தையும் மூடிவிட்டுப் போனவருக்கும் நஷ்டம்தான், ஆனால் செவ்வாய்க்கிழமை அவருக்கு ஒரு செய்தி மட்டுமே.

ஸ்டாப்லாஸ் எல்லாவற்றையும் காப்பாற்றும் என்றும் நினைத்துவிட வேண்டாம். டிரிகர் ஆனதும் கிடைக்கும் விலைக்கே வாங்கிவிடும் `SL-M` ஆர்டர், என்எஸ்இ-யில் ஆப்ஷன்களுக்கு 2021 செப்டம்பரிலிருந்து கிடையாது. `SL` மட்டுமே. அதில் டிரிகர் விலை ஒன்று, லிமிட் விலை ஒன்று. டிரிகர் 88, லிமிட் 89 என்று வைப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். விலை 86-இலிருந்து ஒரே பாய்ச்சலில் 95 போனால் ஆர்டர் சந்தைக்குள் வந்துவிடும், ஆனால் 89-க்கு விற்க ஆள் இருக்க மாட்டார். ஆர்டர் புத்தகத்தில் `TRIGGER PENDING` என்றிருந்தது `OPEN` என்று மாறி அப்படியே நிற்கிறதா? அப்படியானால் உங்கள் ஸ்டாப்லாஸ் வேலை செய்யவில்லை, பொசிஷன் திறந்தே கிடக்கிறது. அந்த நொடியில் லிமிட்டை உயர்த்தி வாங்கியாக வேண்டும். நான் டிரிகர் 88 என்றால் லிமிட்டை 98 வைக்கச் சொல்வேன். பெரும்பாலும் 88-க்குப் பக்கத்திலேயே கிடைத்துவிடும். 98-க்கே வாங்க நேர்ந்தாலும் புட்டில் நஷ்டம் 3,510-ஐத் தாண்டாது.

இன்னொன்று: இந்த ஆர்டர் அன்றைய தினத்துக்கு மட்டும். மாலை 3.30-க்கு மேல் அது இல்லை. மறுநாள் காலை மறுபடி போட வேண்டும். இதை மறந்துவிட்டு "ஸ்டாப்லாஸ் போட்டிருந்தேனே சார்" என்று போன் செய்பவர்கள் உண்டு.

ஜூன் 3 போல இடைவெளி விட்டுத் திறக்கும் காலைக்கு எந்த ஸ்டாப்லாஸும் உதவாது. அதற்கு ஒரே வழி, விற்ற ஸ்டிரைக்குகளுக்கு வெளியில் முன்கூட்டியே ஆப்ஷன் வாங்கி வைப்பது. மேலே சொன்ன உதாரணத்தில் 24,200 புட்டை 12-க்கும் 25,800 கால் ஆப்ஷனை 6-க்கும் வாங்கினால் 80-இல் 18 போய்விடும். மிச்சம் 62. பதிலுக்கு, என்ன நடந்தாலும் நஷ்டம் 338 ரூபாயைத் தாண்டாது, லாட்டுக்கு 21,970. மார்ஜினும் கணிசமாகக் குறையும். 18 ரூபாயை அநியாயம் என்று சொல்பவர்கள் தேர்தல், பட்ஜெட் வாரங்களிலாவது அதைக் கொடுக்கலாம்.

இந்த விதியைப் பின்பற்றினால் எரிச்சலும் உண்டு. 88-இல் வெளியேறிய மறுநாளே நிஃப்டி 25,000-க்குத் திரும்பி புட் 15-க்கு வரும். அடிக்கடி வரும். அப்படி இரண்டு முறை நடந்தால் மூன்றாம் முறை டிரிகரை 88-இலிருந்து 110-க்கு நகர்த்தத் தோன்றும். எங்கள் திரையில் ஆர்டர் மாற்றங்கள் நேரத்தோடு பதிவாகின்றன. நாங்கள் மூட நேர்ந்த கணக்குகளைப் பின்னோக்கிப் பார்த்தால், மூடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு அந்த ஒரு மாற்றம் பெரும்பாலும் இருக்கும்.