Opacity-யைப் பாதியாக்கினால் டபுள் எக்ஸ்போஷர் ஆகிவிடாது

வாட்ஸ்அப்பில் தாத்தாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று, இணையத்தில் எடுத்த காட்டுப் படம் ஒன்று. கூடவே ஒரு வரி: "அண்ணா, முகத்துக்குள்ள காடு தெரியற மாதிரி போட்டுக் கொடுங்க, நானே செஞ்சு பார்த்தேன், மங்கலா வருது." இந்த வாரத்தில் இது மூன்றாவது.

மங்கலாகத்தான் வரும். முகத்தின் மேல் காட்டை வைத்து, Opacity-யை 50 சதவீதத்துக்கு இறக்கியிருப்பார்கள். அது கலவை இல்லை, சராசரி. கறுப்பு 0, வெள்ளை 255 என்ற அளவில் பாருங்கள். முகத்தின் நிழல் பகுதி 30, பின்னணி 255, காட்டின் நடுத்தரச் சாயல் 128 என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பாதி கலந்தால் முகத்தில் 79, பின்னணியில் 191. அதாவது முகத்துக்குள் காடு இருண்டு போகிறது. சுத்த வெள்ளையாக இருக்கவேண்டிய பின்னணியிலோ அதே காடு ஆவி மாதிரி நிற்கிறது. இரண்டு படமும் கெட்டதுதான் மிச்சம்.

டபுள் எக்ஸ்போஷர் என்பது ஒரே பிலிம் துண்டில் இரண்டு படம் எடுப்பது. பிலிம் நாட்களில் இந்தக் கலவை இயல்பாக நடந்தது. முதல் படத்தில் வெளிச்சம் படாத இடம் இரண்டாவது படத்தை வாங்கிக்கொள்ளும். வெளிச்சத்தால் நிரம்பிய இடத்தில் புதிதாக எதுவும் ஏறாது. போட்டோஷாப்பில் இதற்கு இணையானது Screen என்ற கலவை முறை. முகம் கீழே, காடு மேலே, முறை Screen, Opacity 100. அதே எண்களைப் போட்டால் முகத்தில் 143 வரும். பின்னணி 255-ஆகவே நிற்கும். காடு முகத்துக்குள் மட்டும் அடங்கிவிடும். எதையும் வெட்டவே வேண்டியதில்லை.

ஆனால் இது நடக்க முகம் இருட்டாகவும் பின்னணி முழு வெள்ளையாகவும் இருந்தாக வேண்டும். நேராக ஃபிளாஷ் அடித்து எடுத்த முகம் 128-க்குப் பக்கத்தில் இருக்கும். அதில் காடு ஏறினால் 192 ஆகி வெளுத்துவிடும். அதற்காக முகத்தை முழுக் கறுப்பாக்கிவிடாதீர்கள். அப்புறம் ஆள் இருக்கமாட்டார், முக வடிவில் வெட்டிய காடுதான் இருக்கும். கண்ணிலும் கன்னத்து மேட்டிலும் கொஞ்சம் வெளிச்சம் விட்டுவையுங்கள்.

பின்னணி கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தால் போதாது. வெள்ளைச் சுவர் பல நேரம் 230-தான் இருக்கும். அதில் மரக்கிளைகள் சாம்பல் கறையாகத் தெரியும். Levels-இல் வெள்ளை முனையை Alt அழுத்தியபடி இழுத்துப் பாருங்கள். கறுத்த திரையில் பின்னணி முழுதும் வெள்ளையாகும் இடத்தில் நிறுத்துங்கள். கூந்தல் ஓரம் கரைய ஆரம்பித்தால் அதிகம் இழுத்துவிட்டீர்கள். இந்தப் பாட்டைத் தவிர்க்க, எடுக்கும்போதே ஆளைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தி, சுவருக்குத் தனி விளக்கு வையுங்கள்.

கேமராவிலேயே செய்பவர்கள் கேனானில் Additive-ஐத் தேர்ந்தெடுங்கள். Average ஒவ்வொரு படத்தின் வெளிச்சத்தையும் தானே குறைத்துவிடும்; வெள்ளைப் பின்னணி சாம்பலாகிவிடும்.

இனி காட்டுப் படம். இலையும் கிளையும் நிறைந்து, வானமே தெரியாத படத்தைத்தான் எல்லாரும் அனுப்புகிறார்கள். வேண்டியது அதற்கு நேர்மாறு: மேகமூட்ட வானத்துக்கு எதிரே கறுத்து நிற்கும் மரங்கள். வெளுத்த வானம் விழும் இடத்தில் முகம் வெள்ளையில் கரைந்துவிடும், மர நுனிகள் மட்டும் நிற்கும். அந்தக் கரைதல்தான் அழகு. ஆனால் அது பின்னந்தலையிலோ உச்சியிலோ நடக்கட்டும். நெற்றி, மூக்கு, உதடு, தாடை என்ற கோட்டின் மேல் வானம் விழுந்தால் ஆளையே அடையாளம் தெரியாது. காட்டுப் படத்தைச் சாய்த்தோ 90 டிகிரி திருப்பியோ, மரத்தின் அடர்த்தி முகக் கோட்டின் பக்கம் வருமாறு வையுங்கள். நகரத்தின் கட்டட வரிசைக்கும் இதுவேதான். பகல் படம் பொருந்தும். இரவுப் படத்தில் வானம் கறுப்பாக இருப்பதால் தலை கரையவே கரையாது, கறுத்த உருவத்துக்குள் விளக்குப் புள்ளிகள்தான் மின்னும்.

படத்தைத் தயவுசெய்து டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வாட்ஸ்அப் சுருக்கிய படத்தில் முடி ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். Levels அந்தக் கட்டங்களைத்தான் முதலில் எடுத்துக்காட்டும்.

தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். நேர்முகப் படத்தை நிழலுருவாக்கினால் காது வைத்த முட்டைதான் கிடைக்கும். மூக்கும் தாடையும் தெரிவது பக்கவாட்டில்தான். பாஸ்போர்ட் போட்டோவை வைத்துவிட்டு, வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுங்கள். தாரை வார்க்கும்போதோ விபூதி பூசிவிடும்போதோ பக்கவாட்டு முகம் ஒன்றாவது கட்டாயம் அகப்படும். பின்னால் கூட்டம் இருந்தாலும் பரவாயில்லை. முகக் கோட்டைப் பென் டூலால் கையாலேயே வெட்டி வெள்ளையில் வைத்துவிடலாம். ஆல்பத்தை மட்டும் போனில் படம் எடுக்காமல், 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து கொண்டுவாருங்கள்.